குகைக்குள் போன 71 சதவீதம்

தென்காசியில் இருந்துகொண்டு கல்யாண ஆல்பம் வேலை செய்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம், புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று இருக்கிறார்கள். அதனால் மாதத்தில் நான்கைந்து தடவையாவது செங்கோட்டை வழியாக மலை ஏறி இறங்குவேன். ரயிலில் நெட் அவ்வப்போது விட்டுவிட்டு வரும் என்பது எனக்கும் தெரியும்தான். ஆனால் அது எங்கே விடும், எதனால் விடும், விட்டால் நான் செய்துகொண்டிருக்கும் வேலை என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்காததற்கு ஒரு சாயங்காலத்தில் 4,119 ரூபாய் கொடுத்தேன். அதில் 19 ரூபாய் எப்படிப் போனது என்பதுதான் இன்றைக்கும் அதிகமாக எரிகிறது. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு வேலை. கொட்டாரக்கரையில் இரவு ஏழு மணிக்கு ஒரு ரிசப்ஷன் படம் எடுக்க வேண்டும். அதோடு, வேறொரு கல்யாணத்தின் ஆல்பம் ஃபைலை மாலை ஆறு மணிக்குள் பிரிண்டிங் லேபுக்கு அனுப்ப வேண்டும். ஆறு மணிக்கு மேல் வந்தால் மறுநாள் வரிசை. ஃபைல் மொத்தம் 1.2 ஜிபி. முதல் நாள் ராத்திரி மழையில் வீட்டு பிராட்பேண்ட் போய்விட்டது. சரி, மதியம் குருவாயூர் போகிற ரயிலில்தானே ஏறப்போகிறோம், லேப்டாப்பும் இருக்கிறது, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வழியிலேயே அனுப்பிவிடலாம் என்று கிளம்பினேன். தினம் 2 ஜிபி தருகிற பிளான். காலையில் அரை ஜிபி போல செலவாகியிருந்தது. மிச்சம் ஒன்றரை ஜிபி, ஃபைல் 1.2 ஜிபி. கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஒரே தடவையில் போய்விட்டால்.

தென்காசியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் லேபின் வெப்சைட்டைத் திறந்து அப்லோடை ஆரம்பித்தேன். நிமிடத்துக்கு 30 எம்பி போல ஏறியது. செங்கோட்டையில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது, அதுவும் நல்லதாகப் போயிற்று. பகவதிபுரம் தாண்டும்போது 71 சதவீதம். இன்னும் பத்தே நிமிடம். அடுத்தது குகை.

பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே இருக்கும் அந்தக் குகை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். மலைப்பாதை என்பதால் ரயில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் போலத்தான் போகும். ஆக இரண்டு நிமிட இருட்டு. எல்லோரும் கூச்சல் போட, பிள்ளைகள் விசில் அடிக்க, நான் மட்டும் லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து போனில் சிக்னல் கோடு திரும்பிய பிறகும் 71 அப்படியே நின்றது. ஒரு நிமிடம் கழித்து சிவப்பு எழுத்தில் தோல்வி என்று வந்தது. மறுபடி அழுத்தினால் 0 சதவீதம். வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் எனக்கு ரயில் மேலேதான் கோபம். ரயில் ஓடுவதால் டவர் மாறுகிறது, மாறுவதால் அறுந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மொபைல் டவர் பராமரிப்பில் வேலை பார்க்கும் என் மச்சானிடம் புலம்பியபோது அவன் சிரித்தான். “மாப்ள, முப்பது கிலோமீட்டர் வேகமெல்லாம் ஒரு வேகமா? நூறு கிலோமீட்டரில் போகிற ரயிலிலேயே டவர் மாறும்போது பாட்டு நிற்காமல் ஓடும்” என்றான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் பேசிக்கொண்டோ ஃபைல் அனுப்பிக்கொண்டோ இருக்கும்போது, போன் தன் டவரை மட்டுமல்ல, பக்கத்து டவர்களின் சிக்னலையும் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்து டவர் போதிய அளவு நன்றாகக் கேட்கத் தொடங்கியதும், இப்போது பிடித்திருக்கும் டவரே, ‘நீ அங்கே போ’ என்று போனை ஒப்படைத்துவிடும். இதைத்தான் ஹேண்டோவர் என்கிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. முக்கியமாக, நெட்வொர்க் நம் போனுக்குக் கொடுத்திருக்கும் ஐபி முகவரி மாறாது. ஃபைல் ஒரு நொடி தயங்கிவிட்டு அதே ஓட்டத்தில் தொடரும். தென்காசியிலிருந்து பகவதிபுரம் வரை எனக்கு இப்படி எத்தனை தடவை நடந்ததோ, நான் கவனிக்கவே இல்லை.

ஒப்படைக்க வேண்டுமானால் ஒப்படைக்கப்படும் டவர் முன்கூட்டியே காதில் விழ வேண்டும். குகைக்குள் எதுவும் விழாது. பழைய டவர் போய்விட்டது, புதியது வரவில்லை என்றால் போன் சில நொடி தவித்துவிட்டு, தொடர்பை விட்டுவிட்டு, முதலிலிருந்து தேட ஆரம்பிக்கும். மலையைக் குடைந்த வெட்டுப்பாதைகளிலும், வளைவு திரும்பி மலை மறைக்கும் இடங்களிலும் இதே கதைதான். வேகமாகப் போவதை விட மறைந்து போவதுதான் சிக்கல்.

எங்கள் குகைக்கு இதோடு இன்னொரு குணமும் உண்டு. அதன் இந்த வாய் தமிழ்நாட்டில், அந்த வாய் கேரளாவில். மொபைல் சேவைக்கு இந்தியாவை 22 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், தமிழ்நாடு ஒன்று, கேரளா ஒன்று. கம்பெனி ஒன்றே ஆனாலும் இரண்டு பக்கத்து நெட்வொர்க்குக்கும் எண் வேறு. உள்ளே போகும்போது என் போன் சொந்த நெட்வொர்க்கில் இருந்தது, வெளியே வரும்போது ரோமிங்கில் புதிதாகப் பதிந்துகொண்டது. புதிதாகப் பதிந்ததும் ஐபி முகவரியும் புதிதாகிவிட்டது. லேபின் சர்வருக்கு நான் யாரோ புது ஆள். பழைய முகவரியிலிருந்து மிச்சம் 29 சதவீதம் வரும் என்று அது காத்திருந்து கைவிட்டுவிட்டது.

இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. ஆரியங்காவு தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து அனுப்பினேன். எதிர் சீட்டில் கழுதுருட்டிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இருந்தார். நான் போனைத் தூக்கி ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டுவதைப் பார்த்துவிட்டு, “தென்மலை வரைக்கும் அது வரும், போகும். உள்ள வச்சிருங்க தம்பி, கீழ விழுந்தா பள்ளத்துலதான் தேடணும்” என்றார். கேட்டிருக்கலாம். எடப்பாளையம், கழுதுருட்டி, பதிமூன்று கண்ணறைப் பாலம் என்று ஊரே வேடிக்கை பார்க்கும் இடமெல்லாம் போய்க்கொண்டிருக்க, நான் 27 சதவீதம் வரை ஏற்றி, அதையும் இழந்தேன்.

இடையில் ரிசப்ஷன் வீட்டு மாப்பிள்ளையின் அண்ணன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். எங்கே நிற்கிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவரின் குரல் உடைந்து, ‘Reconnecting’ என்று வந்து, அறுந்தது. மூன்று தடவை. மூன்றாவது தடவை, “என்ன சார், பேசிட்டு இருக்கும்போதே கட் பண்றீங்க?” என்றார். எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே.

அழைப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையிலோ ஓடும் பஸ்ஸிலோ யாராவது முக்கியமாகப் பேச வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பை வைத்துவிட்டு சாதாரண நம்பர் அழைப்பில் கூப்பிடச் சொல்லுங்கள். இப்போது 4ஜி-யில் சாதாரண அழைப்பும் டேட்டா மாதிரிதான் போகிறது என்றாலும், அதற்கு நெட்வொர்க் தனிப் பாதையும் முன்னுரிமையும் கொடுக்கிறது. வாட்ஸ்அப் அழைப்போ, பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கும் வீடியோவோடு அதே கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டும். நானே ஹாட்ஸ்பாட்டில் ஃபைலைத் தள்ளிக்கொண்டு அதே போனில் வாட்ஸ்அப் அழைப்பும் பேசியிருக்கிறேன், என் காலை நானே மிதித்த கதைதான். இன்னொன்றும் உண்டு. 4ஜி மங்கினால் சில கம்பெனிகளின் சாதாரண அழைப்பு 2ஜி-க்கு இறங்கித் தாக்குப்பிடிக்கும். 2ஜி-யே இல்லாத கம்பெனி சிம்மில் அந்தப் படி கிடையாது, 4ஜி போனால் அழைப்பும் போயிற்று. இரண்டு சிம் போடும் போன் இருந்தால், மலைப் பயணத்துக்குப் பேசும் சிம்மாக 2ஜி உள்ளதை வைத்துக்கொள்வது நல்லது. அதற்கும் குகையில் வேலை இல்லை. குகை வரப்போகிறது என்று தெரிந்தால் ‘பத்து நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன்’ என்று சொல்லி வைத்துவிடுவதுதான் மரியாதை. அன்றைக்கு அதை மட்டும் சொல்லியிருந்தால் அந்த மனிதர் கோபப்பட்டிருக்க மாட்டார்.

தென்மலை வந்தது. நல்ல சிக்னல். மூன்றாவது தடவை ஆரம்பித்தேன், ஊர்ந்தது. அப்போதுதான் மெசேஜைப் பார்த்தேன்: இன்றைய டேட்டா முடிந்துவிட்டது, இனி 64 கேபிபிஎஸ் வேகம். தோற்றுப்போன அப்லோடும் டேட்டாதான். போகாத 71 சதவீதத்துக்கு 850 எம்பி, போகாத 27 சதவீதத்துக்கு 320 எம்பி, இரண்டும் என் கணக்கில்தான் கழிந்திருந்தன. ஹாட்ஸ்பாட் போட்டதும் லேப்டாப் தன் பாட்டுக்கு அப்டேட் இறக்கிக்கொண்டது வேறு. கூடுதல் டேட்டாவுக்கு 19 ரூபாய் ரீசார்ஜ் போட்டேன். பணம் அனுப்பும் நேரம் பார்த்து ரயில் அடுத்த வளைவில் திரும்பியது. வங்கியில் பணம் கழிந்துவிட்டது, டேட்டா வரவில்லை, ஆப்பில் ‘நிலுவை’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. டேட்டா வந்து சேர்ந்தபோது மணி இரவு பத்தரை. நள்ளிரவோடு அதுவும் காலாவதி. ரயில் ஓடும்போது, அதுவும் மலையில், பணம் அனுப்பாதீர்கள். ஸ்டேஷனில் நிற்கும்போது அனுப்புங்கள்.

மிச்சக் கதை சுருக்கம். புனலூரில் இறங்கி, ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடித்து அனுப்பி முடித்தபோது ஆறே கால். லேபில் அவசரக் கட்டணம் 1,500. ரயிலை விட்டுவிட்டதால் கொட்டாரக்கரைக்கு ஆட்டோ 600. ரிசப்ஷனுக்கு ஐம்பது நிமிடம் தாமதம், மாப்பிள்ளை பெண் மேடைக்கு வரும் காட்சி போய்விட்டது. அதற்கு அவர்கள் 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான்.

அதன் பிறகு ஒரு மாதம் கழித்து ஏறக்குறைய இதே அளவு ஃபைலை இதே ரயிலில் அனுப்பினேன். வேண்டுமென்றேதான், ஒரு வைராக்கியம். இந்தத் தடவை முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். லேபின் வெப்சைட்டில் சின்ன ஃபைல் ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போது போனை அரை நிமிடம் ஃபிளைட் மோடில் போட்டுத் திரும்ப எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது மலைக்குத் தாங்கும். பூஜ்ஜியத்துக்குப் போனாலோ தோல்வி என்றாலோ தாங்காது. ஃபிளைட் மோடிலிருந்து வரும்போது பெரும்பாலும் புது ஐபி முகவரி கிடைக்கும் என்பதால், எங்கள் குகையை வீட்டுக்குள்ளேயே நடத்திப் பார்த்த மாதிரி. லேபின் வெப்சைட் தோற்றது. கூகுள் டிரைவ் ஆப் தொடர்ந்தது. லேபில் கேட்டபோது டிரைவ் லிங்க் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். முதல் தடவையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சரி போகட்டும்.

அதோடு நிற்காமல் ஃபைலைத் துண்டும் போட்டேன். 7-Zip-ல் ஃபைலைச் சேர்க்கும் பெட்டியில் ‘Split to volumes, bytes’ என்று ஓர் இடம் இருக்கும். அதில் `50m` என்று போட்டால் 50 எம்பி துண்டுகளாக `.001`, `.002` என்று முடியும் பெயர்களில் வரும். 1.2 ஜிபிக்கு 24 துண்டு. வாங்குபவர் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து `.001`-ஐத் திறந்தால் போதும், ஆனால் ஒன்று குறைந்தாலும் முழுதாகத் திறக்காது, அதனால் எத்தனை துண்டு என்று எண்ணிக்கையையும் சொல்லி அனுப்ப வேண்டும். ஏன் 50? எனக்கு நிமிடத்துக்கு 30 எம்பி போகிறது, ஒரு துண்டுக்கு ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. நடுவே அறுந்தாலும் அதிகபட்ச நஷ்டம் 50 எம்பிதான். உங்களுக்கு வேகம் குறைவென்றால் துண்டையும் சின்னதாக்குங்கள், இரண்டு நிமிடத்துக்குள் ஒரு துண்டு என்பது என் அளவு. பகவதிபுரம் வருவதற்குள் 16 துண்டு போயிருந்தது. 17-வதை ஆரம்பிக்கவில்லை, அப்லோடை நிறுத்திவிட்டேன். குகையிலிருந்து எடமண் தாண்டும் வரை லேப்டாப்பை மூடிவிட்டு முறுக்கு தின்றேன். புனலூரில் ரயில் நின்றதும் மிச்சத்தை ஆரம்பித்தேன், கொட்டாரக்கரைக்குள் முடிந்தது.

இறக்குவதும் இதே மாதிரிதான். பிரவுசரில் பாதியில் அறுந்த டவுன்லோடுக்கு ‘Resume’ கொடுத்தால் சில நேரம் தொடரும், சில நேரம் முதலிலிருந்து வரும். அந்த சர்வர் நடுவிலிருந்து தர ஒப்புக்கொள்கிறதா என்பதைப் பொறுத்தது அது. லேப்டாப்பில் கமாண்ட் அடிக்கப் பயமில்லை என்றால், பிரவுசரை விட்டுவிட்டு முதலிலிருந்தே கீழே உள்ளதை அடித்து இறக்குங்கள். நடுவே அறுந்தால் அதே ஃபோல்டரில் நின்று மறுபடி அதையே அடித்தால், ஏற்கெனவே வந்த அளவைப் பார்த்து மிச்சத்தை மட்டும் கேட்கும்:

```
curl -C - -O "முகவரி"
```

‘முகவரி’ என்ற இடத்தில் ஃபைலின் லிங்க். சில லிங்குகள் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும், அப்போது இதுவும் கைகொடுக்காது.

கடைசியாக, கோடு முழுக்க இருந்தும் நெட் வராத அந்த எரிச்சல். எல்லையில் இது அதிகம். புளியரை வழியாகப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், குகை இல்லாமலே ஆரியங்காவு பக்கத்தில் நெட் செத்துவிடும். போன் பழைய பக்கத்து டவரின் கடைசி நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ரோமிங்கில் பதிந்த பிறகும் அவ்வப்போது சொந்த நெட்வொர்க் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கும், மலை மேலே அது எங்கிருந்தோ கொஞ்சம் எட்டிப்பார்த்தால் மறுபடி அங்கே தாவும். கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னலை எண்ணாகவே பார்க்கலாம். மைனஸ் 85 என்றால் நன்று, மைனஸ் 100 என்றால் வேலை ஓடும், மைனஸ் 115 தாண்டினால் எதையும் ஆரம்பிக்காதீர்கள். எண் நன்றாக இருந்தும் நெட் ஓடவில்லை என்றால் பத்து நொடி ஃபிளைட் மோட் போட்டு எடுங்கள், போன் பழைய டவரை மறந்துவிட்டு புதிதாகத் தேடும். எண்ணே மோசமாக இருக்கும்போது இதைச் செய்தால் இருந்ததும் போய்விடும், பேட்டரியும் சேர்ந்து கரையும். அப்புறம், செட்டிங்ஸில் ‘Data roaming’ ஆன் ஆகியிருக்கிறதா என்று செங்கோட்டையிலேயே பார்த்துவிடுங்கள். சில போன்களில் அது ஆஃப் ஆகியிருந்தால் ஆரியங்காவில் அழைப்பு வரும், நெட் மட்டும் வராது. நாட்டுக்குள் ரோமிங் என்று தனிக் காசு பிடிப்பார்களோ என்று பயந்து பலர் அதை ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள். இப்போதைய பிளான்களில் அந்தப் பயம் தேவையில்லை, வெளிநாடு போகும்போது மட்டும் ஆஃப் செய்தால் போதும்.

போன வாரம் அதே ரயிலில் ஒரு பெண் லேப்டாப்பில் ஏதோ வேலைக்கான இன்டர்வியூ கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மூன்றரைக்கு என்றார். ரயில் அப்போதுதான் செங்கோட்டையை விட்டு நகர்ந்திருந்தது. “அம்மா, அவங்களுக்கு உடனே போன் போட்டு ஆறு மணிக்கு மாத்திக் கேளுங்க” என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் போட்டார். பேசி முடித்து போனைக் கீழே வைத்தபோது பகவதிபுரம் பலகை ஜன்னலில் போய்க்கொண்டிருந்தது.